இரண்டு மணி நேரப் பேச்சை 22 எம்பியில் அடக்குவது

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் காபித் தோட்ட வேலையைப் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவாத்து, பழம் பறிப்பு, மிளகுக்கொடி, பழைய கூலிக் கணக்கு என்று பேச்சு இரண்டு மணி நேரம் ஓடுகிறது. திண்ணையில் ஒரு ரெக்கார்டர், தலைக்கு மேல் தகரக் கூரை, நடுவில் கொஞ்ச நேரம் மழை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்பு 1270 எம்பி இருக்கிறது. நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் ஏற்ற முடிகிற இணைப்பு இருந்தாலும் அதைச் சேலத்திலிருக்கும் ஒருவருக்கு அனுப்ப 2 மணி 49 நிமிடம் ஆகும். பேசிய நேரத்தைவிட அனுப்பும் நேரம் அதிகம்.

இதே பேச்சை ஒரு சொல்கூடக் குழம்பாமல் சுமார் 22 எம்பிக்குக் கொண்டுவரலாம். எதை முதலில் விட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற வரிசை தெரிந்திருந்தால் போதும். பலர் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான், கோப்பும் சிறியதாகாமல் பேச்சும் கெட்டுப்போகிறது.

1270 எம்பி எங்கிருந்து வந்தது? ரெக்கார்டர் ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடது, வலது என இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி, இரண்டு மணி நேரத்துக்கு 1270 எம்பி. வேவ் என்ற கோப்பு இப்படித்தான் எல்லாவற்றையும் அப்படியே அடுக்கி வைக்கிறது. பெரியவர் பேசினாலும் சரி, தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் நிறுத்தினாலும் சரி, அதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சுருக்கிய கோப்புகளுக்குக் கணக்கு இன்னும் எளிது. நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற எண்ணை 0.45 ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். 24 கிலோபிட் என்றால் மணிக்கு 10.8 எம்பி, இரண்டு மணிக்கு 21.6. இந்தப் பெருக்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் பிறகு எந்த ஊகமும் தேவையில்லை.

பெட்டி வேறு, பழம் வேறு

கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் m4a, ogg போன்றவை பெட்டியின் பெயர்கள். உள்ளே ஒலியைச் சுருக்கிய முறை கோடெக். m4a பெட்டிக்குள் பெரும்பாலும் ஏஏசி இருக்கும். Ogg பெட்டிக்குள் ஓபஸ் இருக்கலாம், வோர்பிஸ் இருக்கலாம். மாம்பழப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மல்கோவா பங்கனப்பள்ளி ஆகிவிடாது. அதேபோல, m4a கோப்பின் பெயரை mp3 என்று திருத்தி எழுதினால் அது எம்பி3 ஆவதில்லை. சில பிளேயர்கள் உள்ளே பார்த்துப் புரிந்துகொண்டு பாடிவிடும், சில பாடாது. குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது.

சுருக்கும் முறைகளில் இரண்டு வகை. ஃப்ளாக் போன்றவை எதையும் இழக்காமல் சுருக்கும். விரித்தால் பழைய அளவுகள் ஒன்றுவிடாமல் திரும்பக் கிடைக்கும். பேச்சுக்கு இது பெரும்பாலும் பாதி அளவுக்கோ அதற்குக் கீழோ கொண்டுவரும். அதற்கு மேல் இறங்க வேண்டுமானால் எதையாவது விட்டாக வேண்டும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் விடுகிற வகை. எதை விடுகின்றன என்பதில்தான் பேச்சின் கதி இருக்கிறது.

எம்பி3 காதின் ஒரு பலவீனத்தை நம்புகிறது. தறி ஓடும் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுத்தால் கேட்காது. பெரிய ஒலி தன்னை ஒட்டிய சிறிய ஒலியை மூடிவிடுகிறது. மூடப்பட்டதை எழுதி வைப்பானேன் என்று எம்பி3 அதை விட்டுவிடுகிறது. இசைக்கும் பேச்சுக்கும் பொதுவான வழி இது.

2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸுக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று இசைக்கு, இன்னொன்று பேச்சுக்கு. பேச்சுப் பகுதி தொண்டையையும் வாயையும் மாதிரியாக வைத்துக்கொள்கிறது. குரல்நாண் எவ்வளவு வேகமாக அதிர்கிறது, வாய் என்ன வடிவத்தில் இருக்கிறது என்ற விவரத்தைப் பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுதி வைக்கும். அந்த விவரத்தைக் கொண்டு கேட்கும் இடத்தில் குரல் திரும்பக் கட்டப்படுகிறது. ஒலியை முழுவதும் எழுதுவதைவிட அது பிறக்கும் விதத்தை எழுதுவதற்கு மிகக் குறைந்த இடம் போதும். வாட்ஸ்ஆப்பில் வரும் குரல் செய்திகள் அவ்வளவு சிறியதாக இருந்தும் தெளிவாக இருப்பது இதனால்தான், அவை ஓபஸ்.

இதில் ஒரு பின்விளைவும் ஒளிந்திருக்கிறது. தகரக் கூரையில் விழும் மழை எந்தத் தொண்டையிலிருந்தும் வருவதில்லை. குரலுக்காகக் கட்டப்பட்ட மாதிரியில் அது அடங்காது. ஆகவே சத்தம் நிறைந்த இடத்தில், இருக்கிற கொஞ்சப் பிட்டில் பெரும்பங்கை மழை தின்றுவிட்டு, பேச்சுக்கு மிச்சத்தை வைக்கும். அமைதியான அறையில் 16 கிலோபிட்டில் தெளிவாக இருக்கும் குரல், மழையில் 24இலும் திணறும். பேச்சு கெட்டுப்போனால் கோடெக்கைக் குறை சொல்வதற்கு முன் பின்னணியைக் கேட்டுப் பாருங்கள்.

எதை முதலில் விடலாம்

முதலில் விட வேண்டியது இரண்டாவது தடம். ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும்போது இடது, வலது இரண்டிலும் இருப்பது ஏறக்குறைய ஒன்றே. மோனோவாக மாற்றினால் புரிவதில் எந்த இழப்பும் இல்லாமல் மூலத்தின் அளவு பாதியாகிறது. வேறெதையும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். 32 கிலோபிட் ஸ்டீரியோவைவிட 24 கிலோபிட் மோனோ தெளிவாகக் கேட்பது சாதாரணமாக நடக்கும், ஏனென்றால் பிட் முழுவதும் ஒரே குரலுக்குப் போகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. சில மைக் இணைப்புகளில் இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பதிவாகியிருக்கும்: ஒன்றில் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே போகும். ஸ்டீரியோவாகக் கேட்கும்போது கொஞ்சம் வெறுமையாகத் தோன்றுமே தவிர, பேச்சு கேட்கும். இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரல் காணாமல் போகும், எதிரொலியும் காற்றும் மட்டும் மிஞ்சும். மோனோ ஆக்கிய பிறகு குரல் திடீரென்று தூரம் போனது போல் இருந்தால் காரணம் இதுவே. அப்போது இரண்டையும் கூட்டாமல் ஒரு தடத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மைக்கே வேலை செய்யாமல் இருந்தாலும் அதேதான் வழி. கூட்டினால் குரலின் அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது அலைவரிசை. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி வரையிலான ஒலியைத்தான் பிடிக்க முடியும். 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரை. பேச்சுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய தொலைபேசி 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோனது, நொடிக்கு 8000 அளவு. அதில் எஃப் என்றும் எஸ் என்றும் எழுத்துச் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர் “எந்த எழுத்து?” என்று திரும்பக் கேட்பார். ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. 8000 அளவில் அது வெட்டுப்பட்டுப் போகிறது.

தமிழுக்கு இதில் நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு. மலை, மழை, பலம், பழம் என்று ல, ள, ழ வேறுபடுவதற்கான அடையாளங்கள் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் அவை எளிதில் போகாது. பஸ், எஸ்டேட், ஷெவராய், கையெழுத்து போட்ட கிளார்க்கின் பெயர் ‘சீனி’யா ‘தீனி’யா என்பது போன்றவைதான் முதலில் மங்கும். ஒரு மலைக் கிராமத்துப் பேச்சில் ஊர்ப்பெயர், ஆள் பெயர், தோட்டத்துப் பெயர் எல்லாம் நிறைய வரும். அவற்றைச் சூழலை வைத்து ஊகிக்க முடியாது. ஆகவே 8000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 16,000 அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். ஓபஸ் என்றால் இதை நீங்கள் தொடவே வேண்டாம். கொடுத்த பிட்டுக்கு ஏற்ப அதுவே முடிவு செய்யும். பேசுபவரே ழகரத்தை ளகரமாகச் சொன்னால், அதை எந்த அளவுப் பதிவும் மீட்டுத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிட் அளவைக் குறைப்பது கடைசியில்தான். ஒற்றைக் குரலுக்கு ஓபஸில் 24 கிலோபிட்டில் நிற்பது நல்லது. அமைதியான அறையில் 16 போதும். 12க்குக் கீழே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மணிக்கு ஒன்றிரண்டு எம்பி மிச்சமாகும், அதற்கு விலையாகப் பெயர்களும் எண்களும் போகும். எம்பி3யில்தான் தர வேண்டும் என்றால் மோனோ, 22,050 அளவு, 48 கிலோபிட். அதாவது மணிக்கு 21.6 எம்பி, ஓபஸைப் போல இரு மடங்கு. காரில் இருக்கும் பழைய பிளேயரும் பென்டிரைவ் ஸ்பீக்கரும் ஓபஸைப் பாடாமல் போகலாம், எம்பி3யைப் பாடும். அந்த வசதிக்கான விலை அது.

செய்து பார்ப்போம்

மூலக் கோப்பு pechu.wav என்று இருக்கட்டும். ffmpeg என்ற இலவச மென்பொருளைக் கட்டளை எழுதி ஓட்ட வேண்டும். அதில் முதலில் இழப்பில்லாத ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

```
ffmpeg -i pechu.wav -c:a flac pechu.flac
```

இது வீட்டில் இருக்க வேண்டிய பிரதி. நாளை வேறொரு வடிவம் தேவைப்பட்டால் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுருக்கிய எம்பி3யிலிருந்து ஓபஸ், அதிலிருந்து மறுபடி எம்பி3 என்று போனால், ஒவ்வொரு கோடெக்கும் முந்தையது விட்டுவைத்த கோளாறுகளையும் ஒலி என்று நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும். கெட்டுப்போன கோப்பை அதிக பிட்டில் மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, தெளிவு திரும்பாது.

முழுப் பேச்சையும் சுருக்குவதற்கு முன் ஒரே ஒரு நிமிடத்தைச் சுருக்கிப் பாருங்கள். இருப்பதிலேயே மோசமான நிமிடமாக இருக்கட்டும்: மழை பெய்யும்போது பெரியவர் கூலிக் கணக்கும் ஆண்டும் சொல்லும் இடம். அது 40ஆவது நிமிடத்தில் தொடங்குகிறது என்றால்:

```
ffmpeg -ss 00:40:00 -t 60 -i pechu.flac -ac 1 \
 -af "highpass=f=80,loudnorm=I=-18:TP=-2" -ar 48000 \
 -c:a libopus -b:a 24k -application voip sodhanai.opus
```

-ss தொடங்கும் இடம், -t எத்தனை நொடி என்பது; முழுப் பேச்சையும் சுருக்கும்போது இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, கடைசியில் உள்ள கோப்புப் பெயரை மாற்றுங்கள். -ac 1 என்பது மோனோ. -ar 48000 ஓபஸ் எடுத்துக்கொள்ளும் அளவு எண்ணிக்கை, அது அலைவரிசையை வெட்டாது. highpass=f=80 என்பது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் குறைக்கிறது. மைக்கில் காற்று மோதும் சத்தமும், தரையில் நடக்கும் அதிர்வும் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆண்குரல்கூடச் சாதாரணமாக 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால் குரலுக்குச் சேதமில்லை. loudnorm மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் கேட்கும் அளவுக்குக் கொண்டுவரும். தூரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டவரின் குரலும் ஓரளவு மேலே வரும். -application voip என்பது இது பேச்சு என்று ஓபஸுக்குச் சொல்வது. இந்த வேலைகள் எல்லாம் சுருக்கத்துக்கு முன்பு நடக்கின்றன. அந்த வரிசை முக்கியம். பின்பு செய்தால் உறுமலுக்குப் பிட்டைக் கொடுத்துவிட்டு, அதன்பின் உறுமலைத் தூக்கிப் போட்டதாக ஆகும்.

மோனோவில் குரல் தூரம் போய்விட்டால் -ac 1 என்பதை எடுத்துவிட்டு, -af வரியின் மேற்கோள் குறிக்குள், highpass என்பதற்கு முன், pan=mono|c0=c0 என்று சேர்த்து ஒரு காற்புள்ளி போடுங்கள். இடது தடம் மட்டும் வரும். வலது தடம் வேண்டுமானால் c0=c1.

மழைச் சத்தத்தை நீக்கும் கருவி போடலாமா என்ற கேள்வி இங்கே வரும். போடலாம், ஆனால் கைவைக்கும்போது கஞ்சத்தனம் வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் Noise Reduction அளவை 6 டெசிபெல்லில் வைத்து ஆரம்பியுங்கள், 10ஐத் தாண்டாதீர்கள். மழையும் ஸகரமும் ஒலித்தன்மையில் உறவினர்கள், இரண்டும் சீறல். கருவிக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம். 20 டெசிபெல் நீக்கினால் மழை போகும், கூடவே சொற்களின் கடைசி ஒலிகளும் போகும், மிஞ்சியது தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல் இருக்கும். பின்னணியில் கொஞ்சம் மழை இருந்தால் காது அதைப் பழகிக்கொள்ளும். பாதி தின்னப்பட்ட சொல்லைப் பழகிக்கொள்ளாது.

சோதனை நிமிடத்தைக் கேட்கும்போது மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள். குரல் நீரில் சுழல்வது போலவோ உலோகம் போலவோ இருந்தால் பிட் போதவில்லை. 32க்கு ஏற்றுங்கள், மணிக்கு 14.4 எம்பிதான் ஆகும். ஸகரமும் சகரமும் மங்கி, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் இருந்தால் அலைவரிசை வெட்டுப்பட்டிருக்கிறது. எங்கோ 8000 அளவு என்று ஓர் அமைப்பு ஒளிந்திருக்கும், அல்லது மூலமே பழைய கைபேசியின் amr கோப்பாக இருக்கும். உரத்த சொற்களில் மட்டும் கரகரப்பு இருந்தால் அது பதிவின்போதே அளவு மீறிப்போய் அலையின் உச்சி தட்டையானது. அதற்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமில்லை, பிட்டை ஏற்றினாலும் போகாது. அடுத்த முறை ரெக்கார்டரில் அளவைக் குறைத்துப் பதிவு செய்வதுதான் தீர்வு.

நிறுத்தங்களை வெட்டி எறிந்து இன்னும் சிறியதாக்கலாமே என்று தோன்றும். பெரிய லாபம் இல்லை; ஓபஸ் மௌனத்துக்கு ஏற்கெனவே மிகக் கொஞ்சம்தான் செலவழிக்கிறது. வேவ் கோப்பில்தான் மௌனம் கனமானது. தானாக மௌனத்தை வெட்டும் கருவிகளோ, மெல்லத் தொடங்கும் சொல்லின் தலையையும் சேர்த்து வெட்டிவிடும். யோசித்துச் சொல்லும் முதியவரின் பேச்சில் அந்த இடைவெளி எங்கே விழுந்தது என்பதும் ஒரு தகவல்தான். அதை விட்டுவையுங்கள்.

கேட்பது போதாது, எழுதவும் செய்ய வேண்டும். பேச்சை ஏற்கெனவே கேட்ட உங்கள் காது, இல்லாத எழுத்தையும் நிரப்பிக்கொள்ளும். ஆகவே அந்தப் பேச்சைக் கேட்டிராத ஒருவரிடம் சோதனை நிமிடத்தைக் கொடுத்து, ஹெட்ஃபோன் இல்லாமல் கைபேசி ஸ்பீக்கரிலேயே கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். அறுபதா எழுபதா, எந்தத் தோட்டம், யாருடைய பெயர் என்ற இடங்களில் அவர் எங்கே நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடங்களை மட்டும் ஃப்ளாக் பிரதியில் போட்டுக் காட்டுங்கள். அங்கே தெளிவாகக் கேட்டு எழுதிவிட்டால் உங்கள் பிட் அளவு குறைவு. ஒரு படி ஏற்றி மறுபடி அதே நிமிடத்தைச் சுருக்குங்கள். ஃப்ளாக்கிலும் அவர் நின்ற இடத்திலேயே நின்றால், அந்தச் சொல் திண்ணையிலேயே மழையில் போய்விட்டது. 24 கிலோபிட்டிலேயே முழுப் பேச்சையும் சுருக்கி அனுப்பிவிட்டு, அந்தச் சொற்களைப் பெரியவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.